வில், கோயிங் டு, பிரசன்ட் கன்டினியூயஸ்: நண்பரிடம் திட்டம் சொல்லும்போது எது?

நாளைக்கு மதுரை போறேன்னு ஃபிரெண்ட்கிட்ட சொல்லணும். எதிர்காலம்னா வில்னுதான் ஸ்கூல்ல படிச்சேன். "ஐ வில் கோ டு மதுரை டுமாரோ"ன்னு சொன்னா தப்பா?

இலக்கணப்படி தப்பில்லை. ஆனால் நீங்கள் சொல்ல நினைத்த சேதி வேறு, அவர் காதில் விழும் சேதி வேறு. "மதுரைக்கு யாராவது போய் அந்த பார்சலை வாங்கிட்டு வரணுமே" என்று வீட்டில் பேச்சு வருகிறது. நீங்கள் கையைத் தூக்கி "சரி, நான் போறேன்" என்கிறீர்கள். "ஐ வில் கோ" அந்த இடத்துக்கு உரியது. முடிவு அந்த நொடியில் பிறக்கிறது.

நீங்களோ போன வாரமே டிக்கெட் எடுத்துவிட்டு, அதை நண்பரிடம் தகவலாகச் சொல்கிறீர்கள். அதற்கு "ஐம் கோயிங் டு மதுரை டுமாரோ" போதும்.

நம்மைப் பள்ளியில் குழப்பியது இதுதான். காரியம் எப்போது நடக்கும் என்பதை மட்டும் வைத்துக் காலம் பிரித்துக் கற்றுக்கொடுத்தார்கள். இந்த மூன்றுமே நாளை நடக்கப்போவதைத்தான் சொல்கின்றன. வித்தியாசம், எப்போது முடிவு செய்தீர்கள் என்பதில் இருக்கிறது. (பேசும்போது வாயில் வரவேண்டியது என்பதால் ஆங்கில வாக்கியங்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.)

முடிவு எப்போ பண்ணினோம்ங்கிறதை வச்சு எப்படிப் பிரிக்கிறது? ஒரே விஷயத்தை எடுத்துக்கிட்டு சொல்லுங்களேன்.

பெங்களூரில் வேலை, சொந்த ஊர் மதுரை, பொங்கலுக்கு வீட்டுக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்து சீட்டு நண்பர் புனேக்காரர், அதனால் பேச்செல்லாம் ஆங்கிலத்தில்.

அக்டோபர் கடைசியில் அவர் கேட்கிறார், பொங்கலுக்கு என்ன செய்யப்போகிறாய் என்று. நீங்கள் அதைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை. அவர் கேட்டபிறகுதான் மனசு ஊருக்குப் போகிறது. அப்போது "டோன்ட் நோ யெட். ஐ திங்க் ஐல் கோ ஹோம்" என்று சொல்லுங்கள். "ஐல்" என்பது "ஐ வில்" சுருங்கியது. இங்கே வில்தான் சரி. முடிவு இன்னும் ஈரமாக இருக்கிறது. "ஐ திங்க்", "மேபி", "ப்ராபப்லி" போன்ற சொற்கள் வில்லோடு இயல்பாக ஒட்டிக்கொள்வதும் அதனால்தான்.

நவம்பர் முதல் வாரம். அம்மாவிடம் பேசியாயிற்று, போவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் கையில் டிக்கெட் இல்லை. ரயிலில் இப்போது 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணிக்கு உட்காரவேண்டும். இந்தக் கட்டத்தில் "ஐம் கோயிங் டு ஸ்பெண்ட் பொங்கல் அட் ஹோம். ஐம் கோயிங் டு புக் மை டிக்கெட் ஆன் த ஃபோர்டீன்த்" என்பீர்கள். மனசில் முடிவு இருக்கிறது, வெளியே ஏற்பாடு இன்னும் இல்லை. இது கோயிங் டு-வின் சொந்த இடம்.

நவம்பர் 14, எட்டு மணி ஐந்து நிமிடம். டிக்கெட் உறுதியாகிவிட்டது. இனிமேல் "ஐம் கோயிங் ஹோம் ஆன் த தர்டீன்த்". வெளியுலகில் ஏதோ ஒன்று பதிவாகிவிட்டது, அதனால் பிரசன்ட் கன்டினியூயஸ்.

திரையில் WL என்று வந்து தொலைத்தால்? அப்போது "ஐம் கோயிங் ஹோம்" என்று அடித்துச் சொல்லமுடியாது. "ஐம் ஹோப்பிங் டு கோ ஹோம், பட் ஐம் ஸ்டில் ஆன் த வெயிட்லிஸ்ட்" என்றால் நிலைமை சரியாகப் புரியும்.

ரயில் புறப்படும் நேரத்தைச் சொல்லும்போது மட்டும் இந்த மூன்றுமே வேண்டாம். "த ட்ரெயின் லீவ்ஸ் அட் நைன்" என்று சாதாரண நிகழ்காலம் போதும். அது உங்கள் திட்டம் இல்லை, ரயில்வேயின் கால அட்டவணை.

தமிழ்லயும் போறேன், போகப் போறேன், போவேன்னு மூணு இருக்கே. நேரா ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாமா?

பாதி வழி வரைக்கும் வரும், அப்புறம் காலை வாரிவிடும்.

நன்றாகப் பொருந்துவது "போகப் போறேன்". இரண்டு மொழியிலும் "போ" என்ற வினைதான் துணைக்கு வருகிறது. "வீடு மாத்தப் போறேன்" என்றால் "ஐம் கோயிங் டு மூவ் ஹவுஸ்". "புது போன் வாங்கப் போறேன்" என்றால் "ஐம் கோயிங் டு பை எ நியூ ஃபோன்". யோசிக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். "வாங்கலாம்னு இருக்கேன்" என்பதும் ஏறக்குறைய இங்கேதான் சேரும். கொஞ்சம் தளர்வாக வேண்டுமென்றால் "ஐம் திங்க்கிங் ஆஃப் பையிங்".

சிக்கல் "போறேன், பண்றேன், தர்றேன்" வகையில். பேச்சுத் தமிழில் இந்த ஒரே உருவம் இரண்டு வேலை பார்க்கிறது. "ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் போறேன்" என்பது ஏற்கெனவே முடிவான ஏற்பாடு. "ராத்திரி கால் பண்றேன்" என்பது இப்போது, உங்கள் முகத்தைப் பார்த்துக் கொடுக்கிற வாக்கு. தமிழுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆங்கிலத்தில் முதலாவது "ஐம் கோயிங்", இரண்டாவது "ஐல் கால் யூ".

காலிங் பெல் அடிக்கும்போது "இரு, நான் திறக்கிறேன்" என்கிறோம். இதை அப்படியே மாற்றி "ஐம் ஓப்பனிங் த டோர்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னால், கதவைத் திறந்துகொண்டிருப்பதை நேரடி வர்ணனை செய்வதுபோல இருக்கும். "ஐல் கெட் இட்" என்பதுதான் அங்கே வரும்.

இதற்கு நான் வைத்திருக்கும் உரைகல் ஒன்று. உங்கள் தமிழ் வாக்கியத்தின் முன்னால் "சரி, அப்போ" என்று போட்டுப் பாருங்கள். "சரி, அப்போ நான் ராத்திரி கால் பண்றேன்" இயல்பாக இருக்கிறதா? வில். இப்போது "ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு" என்று முன்னால் போட்டுப் பாருங்கள். "ஏற்கெனவே முடிவு பண்ணியாச்சு, ஞாயித்துக்கிழமை கொடைக்கானல் போறேன்" பொருந்துகிறதா? அப்படியானால் வில் வேண்டாம்.

"போவேன், குடிப்பேன்" வகையில் வேறு ஒரு பொறி இருக்கிறது. தமிழில் இது பழக்கத்தையும் சொல்லும். "ஞாயித்துக்கிழமைன்னா நான் சினிமாவுக்குப் போவேன்" என்பது திட்டமே இல்லை, வழக்கம். இதை "ஐ வில் கோ டு த மூவீஸ் ஆன் சன்டேஸ்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் நிறைய. கேட்கிற வெளியூர்க்காரர் இனிமேல்தான் போகத் தொடங்கப்போகிறீர்கள் என்று நினைப்பார். வழக்கத்துக்கு "ஐ கோ" மட்டும் போதும்.

கோயிங் டு, கன்டினியூயஸ் ரெண்டுமே முன்னாடியே முடிவு பண்ணினதுதானே? அப்புறம் எதுக்கு ரெண்டு?

நண்பரிடம் பேசும்போது பெரும்பாலும் எதைச் சொன்னாலும் ஒன்றும் குடி முழுகாது. "ஐம் மீட்டிங் ரவி ஆன் ஃப்ரைடே", "ஐம் கோயிங் டு மீட் ரவி ஆன் ஃப்ரைடே", இரண்டையும் யாரும் திருத்தமாட்டார்கள். இரண்டுக்கும் இடையே கறாரான வேலி போடும் புத்தகங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஆனாலும் சாய்வு ஒன்று இருக்கிறது. திட்டத்தை ரத்து செய்தால் யாருக்காவது போன் போட்டுச் சொல்லவேண்டியிருக்குமா என்று கேட்டுப் பாருங்கள். ரவியோடு வெள்ளிக்கிழமை சாப்பாடு என்றால் ரவிக்குச் சொல்லவேண்டும். பல் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்றால் கிளினிக்குக்கு. டிக்கெட் என்றால் கேன்சல் செய்யவேண்டும். இவற்றுக்கெல்லாம் கன்டினியூயஸ் மிக இயல்பு. "வெயிட்டைக் குறைக்கப் போறேன்" என்பதை நாளைக்கே கைவிட்டாலும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. அது உங்களுக்கும் உங்கள் வயிற்றுக்கும் இடையிலானது. அங்கே "ஐம் கோயிங் டு லூஸ் வெயிட்" என்றுதான் வரும். "ஐம் லூசிங் வெயிட்" என்றால் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், நண்பர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

கன்டினியூயஸுக்கு இன்னும் இரண்டு நிபந்தனைகள். எப்போது என்பது எங்காவது தெரியவேண்டும்: "டுநைட்", "ஆன் சன்டே" அல்லது முன்னால் நடந்த பேச்சிலிருந்தே புரியவேண்டும். "ஐம் வாட்ச்சிங் எ மூவி" என்று மொட்டையாகச் சொன்னால், இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் போல என்று போனை வைத்துவிடுவார். இரண்டாவது, மனிதர்கள் ஏற்பாடு செய்யக்கூடிய விஷயமாக இருக்கவேண்டும். மழையை யாரும் புக் செய்வதில்லை. அதனால் "இட்ஸ் ரெயினிங் டுமாரோ" கிடையாது. "இட்ஸ் கோயிங் டு ரெயின்" அல்லது "இட்ல் ரெயின்".

எதுவுமே நினைவில் நிற்கவில்லை, ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்கிறேன் என்றால், திட்டம் சொல்ல கோயிங் டு-வை வைத்துக்கொள்ளுங்கள். அதிகம் ஏமாற்றாதது அதுதான்.

ஃபிரெண்டோட கல்யாணத்துக்குப் போக முடியலை. "ஐ வோன்ட் கம்"னு மெசேஜ் போடலாமா?

போடாதீர்கள். இதில் நான் சூடு பட்டவன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், கூட வேலை பார்த்த ஒருவர் கல்யாணப் பத்திரிகையோடு என் மேஜைக்கு வந்தார். அதே நாளில் அக்காவுக்கு வளைகாப்பு. நான் ரொம்ப வருத்தத்தோடுதான் "ஸாரி, ஐ வோன்ட் கம்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஓ, ஓகே" என்று பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வளைகாப்பு விஷயத்தைச் சொல்லவே இடம் கிடைக்கவில்லை. பிறகு வேறொருவர் எடுத்துச் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

தமிழில் யோசித்தால் உடனே விளங்கிவிடும். "நான் கல்யாணத்துக்கு வரலை" என்பது தகவல். "நான் வர மாட்டேன்" என்பது மறுப்பு. நடுவில் ஏதோ மனத்தாங்கல் இருப்பதுபோல ஒலிக்கும். "ஐம் நாட் கமிங்" நம் "வரலை"க்குப் பக்கம். "ஐ வோன்ட் கம்" நம் "வர மாட்டேன்". நேருக்கு நேர், காரணம் சொல்லாமல், அழைப்புக்குப் பதிலாகச் சொன்னால் அந்த மறுப்பு இன்னும் கூர்மையாகிவிடும்.

"ஐம் நாட் கமிங்" கூட அழைத்தவரிடமே சொல்ல கொஞ்சம் மொட்டைதான். "ஐம் ஸோ ஸாரி, ஐ கான்ட் மேக் இட். இட்ஸ் மை சிஸ்டர்ஸ் ஃபங்ஷன் த ஸேம் டே" என்று சொல்லியிருந்தால் அவர் உட்கார்ந்து வளைகாப்பு என்றால் என்ன என்று கேட்டிருப்பார். வோன்ட் வரவேண்டுமென்றால் "ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்" என்று "முடியாது" என்பதையும் சேர்த்துவிடுங்கள், கூர்மை போய்விடும்.

"வில் யூ கம் ஆன் சன்டே?", "ஆர் யூ கமிங் ஆன் சன்டே?" ரெண்டும் ஒண்ணுதானே?

முதலாவது பெரும்பாலும் "வாயேன்" என்ற வேண்டுகோள். இரண்டாவது அவருடைய திட்டத்தைக் கேட்கும் கேள்வி. ஆள் எண்ணிக்கை பார்த்து பிரியாணி சொல்லவேண்டுமென்றால் இரண்டாவதைக் கேளுங்கள்.

அவருடைய பைக்கை இரவல் கேட்பதுபோன்ற சங்கடமான இடத்தில் நான்காவதாக ஒன்று கைகொடுக்கும்: "வில் யூ பி யூஸிங் யுவர் பைக் டுமாரோ?" உங்கள் திட்டம் என்னவோ அதுபாட்டுக்கு இருக்கட்டும், சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்கிற பவ்யம் அதில் இருக்கிறது.

"ஐம் கோயிங் டு மதுரை"ல கோயிங் டு இருக்கே, அப்போ அது கோயிங் டு வகையா? "ஐம் கோயிங் டு கோ டு மதுரை"ன்னு சொல்லணுமா?

அந்த கோயிங் டு-வுக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஊர்ப்பெயரோ இடமோ வந்தால் அது வெறும் "போறேன்", அதாவது கன்டினியூயஸ். வினைச்சொல் வந்தால்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிற கோயிங் டு: "ஐம் கோயிங் டு ஸ்லீப் ஆல் டே".

"ஐம் கோயிங் டு கோ" தப்பில்லை, பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் "போகப் போறேன்" போல கொஞ்சம் நீளம். முடிவு மட்டும் எடுத்திருக்கிறேன், ஏற்பாடு ஒன்றும் செய்யவில்லை என்று காட்டவேண்டுமானால் அது உதவும். மற்றபடி "ஐம் கோயிங்" போதும்.

இந்த வித்தியாசம் கட்டாயம் தெரியவேண்டிய இடம், கோயிங் டு பேச்சில் சுருங்கி வரும் "கன்னா". சீரியல்களில் கேட்டிருப்பீர்கள். "ஐம் கன்னா ஸ்லீப்" சரி. "ஐம் கன்னா மதுரை" கிடையவே கிடையாது, ஏனென்றால் ஊர்ப்பெயருக்கு முன்னால் வரும் கோயிங் டு சுருங்காது. அலுவலக மெயிலில் கன்னாவை எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் உங்கள் இஷ்டம்.

வில் எடுத்தாலே தப்பா இருக்குமோன்னு இப்போ பயமா இருக்கு. எங்கேதான் அதைத் தைரியமா சொல்லலாம்?

திட்டம் பற்றிய பேச்சிலேயே வில்லுக்கு நிறைய வேலை இருக்கிறது. உதவ முன்வரும்போது: "ஐல் பிக் யூ அப் ஃப்ரம் த ஸ்டேஷன்". வாக்கு கொடுக்கும்போது: "ஐல் பிரிங் யூ சம் ஹல்வா". ஹோட்டலில் ஆர்டர் செய்யும்போது: "ஐல் ஹேவ் எ காஃபி". இங்கெல்லாம் "ஐம் கோயிங் டு ஹேவ்" என்றால் சர்வர் முறைத்துப் பார்ப்பார். நிபந்தனை வரும்போதும் வில்தான்: "இஃப் ஐ கெட் லீவ், ஐல் கம்".

கடைசி வாக்கியத்தில் முதல் பாதியில் வில் இல்லை என்பதைக் கவனியுங்கள். "வென் ஐ வில் ரீச் ஹோம், ஐல் கால் யூ" என்பது அடிக்கடி காதில் விழும் தப்பு. தமிழில் யோசித்தாலே இது வராது. "வீட்டுக்குப் போனதும் கூப்பிடறேன்" என்கிறோம். "போவேன்" என்று யாரும் சொல்வதில்லை. "வென் ஐ ரீச் ஹோம், ஐல் கால் யூ".

வில்லை எப்படி உச்சரிக்கிறோம் என்பதும் முக்கியம். "ஐ வில் கம்" என்று மூன்று சொல்லையும் தனித்தனியாக அழுத்தினால் "வருவேன்னு சொன்னேன்ல, கண்டிப்பா வருவேன்" என்று சண்டைக்கு நிற்பதுபோல இருக்கும். "ஐல் கம்" என்று நழுவவிடுங்கள்.

"நாளைக்கு வீட்லதான் இருப்பேன்", "நாளைக்கு எனக்கு எக்ஸாம்". இதுக்கெல்லாம்?

"ஐல் பி அட் ஹோம் டுமாரோ". இருத்தலைச் சொல்லும் "பி"யை இங்கே கன்டினியூயஸாக்க முடியாது. "ஐம் பீயிங் அட் ஹோம்" என்று ஒன்று இல்லை. பரீட்சைக்கு "ஐ ஹேவ் அன் எக்ஸாம் டுமாரோ". நம்மூரில் பரவலாகக் கேட்கும் "ஐம் ஹேவிங் எக்ஸாம்" வேண்டாம்.

சனிக்கிழமை பத்தி ஃபிரெண்டோட நடந்த பேச்சு இது. என் பக்கத்தைத் திருத்தித் தாங்க: "ஐ வில் வாட்ச் எ மூவி வித் மை கசின். ஐ வில் டிசைட் த மூவி லேட்டர். ஆஃப்டர் தட் ஐம் ஷாப்பிங், மேபி." அவன் "கேன் ஐ ஜாயின்?"னு கேட்டான். "யெஸ், ஐம் டெல்லிங் மை கசின்"னு சொன்னேன்.

முதல் வாக்கியம்: கசினிடம் ஏற்கெனவே பேசிவைத்தது, ரத்தானால் அவரிடம் சொல்லவேண்டும். "ஐம் வாட்ச்சிங் எ மூவி வித் மை கசின் ஆன் சாட்டர்டே". கிழமை முன்னாலேயே பேச்சில் வந்துவிட்டதென்றால் கடைசி இரண்டு சொல்லையும் விட்டுவிடலாம்.

இரண்டாவதில் கை வைக்கத் தேவையில்லை. படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது அப்போதைக்குச் சொன்னது. "வீல் டிசைட் லேட்டர்" என்று கசினையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நன்று.

மூன்றாவதில் "மேபி" என்கிறீர்கள், கூடவே கன்டினியூயஸ். ஒன்று உறுதியில்லை என்கிறது, மற்றது ஏற்பாடாகிவிட்டது என்கிறது. "ஆஃப்டர் தட் வீல் ப்ராபப்லி கோ ஷாப்பிங்".

கடைசியில் அவன் கேட்டபிறகுதான் கசினிடம் சொல்லவேண்டும் என்றே தோன்றியிருக்கிறது. "சரி, அப்போ சொல்லிடறேன்". ஆகவே "ஷ்யூர், ஐல் டெல் மை கசின்". நீங்கள் சொன்ன "ஐம் டெல்லிங் மை கசின்" சின்னப் பிள்ளைகள் "இரு, அம்மாகிட்ட சொல்றேன்" என்று மிரட்டும் தொனியில் விழும். அவன் சிரித்திருந்தால் காரணம் அதுதான்.